கிழமையின் பெயர் முதல் ஓரையிலிருந்து வருகிறது: ஏழு கோள்களையும் 24 ஓரைகளையும் எண்ணும் முறை

வாரத்தின் நாளைக் குறிக்க நாம் வழங்கும் ‘கிழமை’ என்ற சொல்லுக்கு உரிமை என்பது பழைய பொருள். ஆறாம் வேற்றுமை உணர்த்தும் உடைமைத் தொடர்பைக் கிழமைப் பொருள் என்று இலக்கணம் சொல்வதும், நிலத்துக்கு உரியவனைக் கிழவன் என்றும் கிழான் என்றும் பழந்தமிழ் அழைத்ததும் இந்தப் பொருளில்தான். ஆகவே வெள்ளிக்கிழமை என்பது வெள்ளி என்ற கோளுக்கு உரிய நாள். அந்த உரிமை அதற்கு எப்படி வந்தது என்று கேட்டால், அந்த நாளில் சூரியன் உதிக்கும்போது தொடங்கும் முதல் ஓரை வெள்ளியினுடையது என்பதே விடை. ஒரு நாளில் 24 ஓரைகள் உண்டு; அவற்றை ஏழு கோள்களும் மாறி மாறி ஆள்கின்றன; முதல் ஓரையை ஆளும் கோளே அந்த நாள் முழுவதற்கும் பெயர் கொடுக்கிறது. இந்த ஒரு விதி புரிந்தால் கிழமைகளின் வரிசையும், எந்த நேரத்தில் எந்த ஓரை நடக்கிறது என்ற கணக்கும் ஒன்றாகவே விளங்கிவிடும்.

## கிழமை வரிசையில் உள்ள புதிர்

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்ற வரிசை நாவில் படிந்துபோனதால் அதில் ஒரு விந்தை இருப்பது நமக்குத் தோன்றுவதில்லை. ஒளியின் அளவைக் கொண்டு அடுக்கியிருந்தால் ஞாயிறு, திங்களுக்கு அடுத்து வெள்ளி வந்திருக்க வேண்டும். ஆனால் மங்கலான செவ்வாய் வருகிறது. தொலைவைக் கொண்டோ வேகத்தைக் கொண்டோ அடுக்கியிருந்தால், ஏறக்குறைய 27 நாளில் வானத்தைச் சுற்றிவரும் திங்கள் ஒரு முனையிலும், ஏறக்குறைய 29½ ஆண்டு எடுத்துக்கொள்ளும் சனி மறு முனையிலும் நின்று, மற்றவை இடையில் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். அப்படியும் இல்லை. அப்படியிருந்தும் உரோமர்களின் வாரத்திலும் நம்முடைய வாரத்திலும் இதே கோள்கள் இதே முறையில்தான் ஒன்றையொன்று தொடர்கின்றன. லத்தீனில் மார்ஸ் என்னும் செவ்வாயின் நாளாக இருப்பது நமக்கும் செவ்வாய்க்கிழமைதான். ஒழுங்கற்றதாகத் தோன்றும் ஒரு வரிசை இரண்டு நாகரிகங்களில் தனித்தனியே பிறந்திருக்க வழியில்லை. அதற்குப் பின்னால் ஒரே கணக்கு இருக்க வேண்டும்.

## முதற்படி: ஓரை வரிசையை அமைத்தல்

பூமியை நடுவில் வைத்து வானத்தைப் பார்த்தவர்கள், மெதுவாக நகரும் கோள் தொலைவில் இருப்பதாகக் கொண்டார்கள். மிக மெதுவானதில் தொடங்கி மிக விரைவானதில் முடித்தால் வரிசை இவ்வாறு அமையும்:

சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள்.

திங்களுக்குப் பிறகு மறுபடியும் சனி வரும். இந்த வட்டமே ஓரை வரிசை. முதல் நான்கிலும் ஐயமில்லை: சனிக்கு 29½ ஆண்டு, வியாழனுக்குக் கிட்டத்தட்ட 12 ஆண்டு, செவ்வாய்க்கு இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, ஞாயிற்றுக்கு ஓர் ஆண்டு. சிக்கல் வெள்ளியிலும் புதனிலும் இருக்கிறது. அவை இரண்டும் சூரியனை விட்டு வெகுதூரம் விலகாமல் அதனுடனேயே செல்வதால், பூமியிலிருந்து பார்க்கும்போது சராசரியில் அவற்றுக்கும் ஓர் ஆண்டுதான் ஆகிறது. ஆகையால் அவற்றைச் சூரியனுக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பது கிரேக்கர்களிடையே கருத்து வேறுபாட்டுக்கு உரியதாக இருந்தது. பிளேட்டோ மேலே வைத்தார். சித்தாந்தங்கள் எனப்படும் இந்திய வானியல் நூல்களின் கணக்கில் வெள்ளிக்கு ஏறத்தாழ 225 நாளும் புதனுக்கு ஏறத்தாழ 88 நாளும் கொண்ட தனிச் சுற்று உண்டு. அதைக் கொண்டு பார்த்தால் இரண்டும் சூரியனுக்கும் திங்களுக்கும் இடையில் வந்துவிடும்.

இந்த வரிசைக்குக் ‘கல்தேய வரிசை’ என்று ஐரோப்பிய நூல்களில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அப்படியே நம்பத் தேவையில்லை. கல்தேயர் வாழ்ந்த பாபிலோனியாவின் களிமண் பலகைகளில் கோள்கள் வேறு வரிசைகளில் எழுதப்பட்டிருக்கின்றன. சூரியனை நடுவில் நிறுத்தும் இந்த அடுக்கு கிரேக்க வானியலில் உருவானது.

## இரண்டாம் படி: 24ஐ ஏழால் வகுத்தல்

சனிக்கிழமை சூரிய உதயத்தில் தொடங்குவோம். முதல் ஓரை சனி, இரண்டாவது வியாழன், மூன்றாவது செவ்வாய் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏழாவது ஓரை திங்களிடம் முடியும். எட்டாவது ஓரையில் சனி திரும்ப வரும். 15ஆவதிலும் 22ஆவதிலும் மறுபடி வரும். 23ஆவது ஓரை வியாழனுக்கும் 24ஆவது செவ்வாய்க்கும் உரியவை. நாள் அங்கே முடிந்துவிடுகிறது, ஆனால் வட்டம் நிற்பதில்லை. 25ஆவதாக வர வேண்டியது ஞாயிறு. அந்த 25ஆவது ஓரையே மறுநாளின் முதல் ஓரை என்பதால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆகிறது.

24ஐ ஏழால் வகுத்தால் மீதி மூன்று. ஆகவே ஒவ்வொரு நாளும் ஓரை வட்டத்தில் மூன்று இடம் தள்ளித் தொடங்குகிறது. ஞாயிற்றிலிருந்து மூன்று இடம் தள்ளினால் திங்கள். திங்களிலிருந்து மூன்று இடம் தள்ளினால், சனியையும் வியாழனையும் கடந்து, செவ்வாய். அதே முறையில் புதன், வியாழன், வெள்ளி வந்து இறுதியில் தொடங்கிய சனிக்கே திரும்புவோம். விந்தையாகத் தோன்றிய கிழமை வரிசை இந்த மீதி மூன்றின் விளைவு.

கி.பி. 499ஐத் தம் காலக் குறிப்பாகத் தரும் ஆரியபடர் தம் நூலின் காலக்கிரியைப் பகுதியில் இதை ஒரே செய்யுளில் சொல்லிவிடுகிறார்: சனி முதலாக வேகம் கூடிக்கொண்டு போகும் முறையில் ஏழும் ஓரைகளின் அதிபதிகள், அந்த வேக முறையில் நான்காவதாக வருபவை சூரிய உதயம் முதல் நாள்களின் அதிபதிகள். அவர் நான்கு என்பதும் நாம் மூன்று என்பதும் ஒன்றுதான். தொடங்கும் கோளையும் சேர்த்து எண்ணுவது வடமொழி நூல்களின் வழக்கம். இந்த இடத்தில் தடுமாறி, ‘நான்கு இடம் தள்ளி’ எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சனிக்கு அடுத்த நாள் வெள்ளி என்று வந்துவிடும்.

## நாழிகையில் எண்ணினால் என்ன ஆகும்?

நம்முடைய பழைய நாள் 60 நாழிகை கொண்டது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஓரைக்குப் பதிலாக நாழிகை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோளை வைத்து எண்ணினால் எந்தக் கிழமை வரிசை கிடைக்கும் என்று பார்ப்பது வீண் வேலை அன்று. 60ஐ ஏழால் வகுத்தால் மீதி நான்கு. சனியில் தொடங்கி நான்கு நான்காகத் தள்ளினால் சனி, வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு என்று வாரம் அப்படியே பின்னோக்கி ஓடுகிறது!

ஆகையால் இப்போதுள்ள கிழமை வரிசை, நாளை 24ஆகப் பகுத்த ஓரிடத்தில்தான் அமைந்திருக்க முடியும். பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் பகுக்கும் பழக்கம் எகிப்தினுடையது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் நாள்களைக் கோள்களுக்கு உரிமையாக்கும் வழக்கம் எகிப்தியர் ஏற்படுத்தியது என்கிறார். அவர் அதற்கு இரண்டு விளக்கங்கள் தருகிறார். ஒன்று நாம் மேலே கண்ட ஓரைக் கணக்கு. மற்றொன்று இசையில் நான்காம் சுரத்துக்குத் தாவுவதுபோல் கோள்களுக்கு இடையே தாவுவது. இரண்டும் ஒரே வரிசையைத் தருகின்றன என்றாலும், ஏன் நான்காவதுக்குத் தாவ வேண்டும் என்பதற்கு இசை விளக்கத்தில் காரணம் இல்லை. ஓரைக் கணக்கில் இருக்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்தின் சுவரெழுத்துகளில் சனியில் தொடங்கும் கிழமைத் தெய்வங்களின் பட்டியல் கிடைத்திருப்பதால், வழக்கம் அதற்கு முன்பே பரவியிருந்தது என்பது உறுதி.

இந்தியாவில் கிழமை குறித்த மிகப் பழைய கல்வெட்டாகப் பொதுவாகக் காட்டப்படுவது, மத்தியப் பிரதேசத்து ஏரணில் குப்த அரசன் புதகுப்தன் காலத்தில் நாட்டப்பட்ட தூணில் உள்ளது. கி.பி. 484ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல்வெட்டு தேவகுருவின் நாளைக் குறிக்கிறது, அது வியாழக்கிழமை. தமிழில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் முதற்பாட்டிலேயே ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழம், வெள்ளி, சனி என்று கிழமை வரிசையில் கோள்களை அடுக்கி, ‘பாம்பிரண்டும்’ என்று இராகு கேதுக்களைக் கடைசியில் சேர்க்கிறது. அந்தப் பாம்புகளுக்குக் கிழமையும் இல்லை, ஓரையும் இல்லை. அவை கண்ணுக்குத் தெரியும் கோள்கள் அல்ல என்பதால் இந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. ஓரை என்ற சொல்லே கிரேக்க ‘ஹோரா’விலிருந்து வந்தது. ‘அஹோராத்ரம்’ என்ற வடசொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் கெட்டு ‘ஹோரா’ ஆயிற்று என்று ஒரு சாரார் கூறுவதைச் சோதிட நூலாசிரியர் வராகமிகிரர் குறித்திருக்கிறார். அழகான விளக்கம்தான், ஆனால் 24 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அது விளக்கவில்லை.

## ஒரு நாளின் ஓரைகளை எண்ணும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். எண்ணத் தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: ஓர் ஓரை என்பது எத்தனை நிமிடம்?

நம் பஞ்சாங்கங்களில் பெரும்பாலும் ஓர் ஓரை இரண்டரை நாழிகை, அதாவது சரியாக 60 நிமிடம். மேலை மரபில் பகல் எவ்வளவு நீண்டாலும் அதைப் பன்னிரண்டாகவும், இரவு எவ்வளவு சுருங்கினாலும் அதைப் பன்னிரண்டாகவும் பகுப்பார்கள். அதனால் கோடையில் பகல் ஓரை நீண்டும் இரவு ஓரை குறுகியும் இருக்கும். இரண்டு முறையிலும் மொத்தம் 24 ஓரைகள்தான் என்பதால் கிழமை வரிசை மாறுவதில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு நேரத்தின் ஓரை மாறலாம். எதைக் கையாண்டாலும் ஒரு நாள் முழுவதும் அதையே கையாள வேண்டும்.

ஓரை வட்டம் மனப்பாடமாக இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. நடப்புக் கிழமையையும் சேர்த்து ஆறாவது கிழமை எதுவோ அதன் கோளே அடுத்த ஓரைக்கு உரியது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று விரல் மடக்கினால் வெள்ளி ஓரைக்கு அடுத்தது புதன் ஓரை என்று தெரியும். இதையே இன்னும் சுருக்கமாக, கிழமைகளில் பின்னோக்கி ஒன்றைவிட்டு ஒன்று செல்வது என்று சொல்லலாம்: வெள்ளி, புதன், திங்கள், சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு. கிழமைப் பெயர் தெரிந்தவருக்கு வேறு அட்டவணை வேண்டியதில்லை.

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 21, வெள்ளிக்கிழமை, சென்னை. சூரிய உதயம் ஏறக்குறைய காலை 5.43, மறைவு ஏறக்குறைய மாலை 6.37. அன்று பிற்பகல் 4.25க்கு நடக்கும் ஓரை எது?

60 நிமிடக் கணக்கில், உதயத்திலிருந்து 4.25 வரை கழிந்தது 10 மணி 42 நிமிடம். பத்து ஓரைகள் முடிந்து பதினொன்றாவது நடக்கிறது. பதினொன்றில் ஒன்றைக் கழித்தால் பத்து. அதை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. வெள்ளியிலிருந்து மூன்று இடம் நகர்ந்தால் புதன், திங்கள், சனி. ஆகவே சனி ஓரை.

பகலைப் பன்னிரண்டாகப் பகுக்கும் கணக்கில், அன்றைய பகல் 12 மணி 54 நிமிடம், அதாவது 774 நிமிடம். ஓர் ஓரை 64½ நிமிடம். உதயத்திலிருந்து கழிந்த 642 நிமிடத்தை 64½ ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்றே குறைவாக வருகிறது. ஆகவே ஒன்பது ஓரைகள் முடிந்து பத்தாவது நடக்கிறது. பத்தில் ஒன்றைக் கழித்த ஒன்பதை ஏழால் வகுத்தால் மீதி இரண்டு. வெள்ளியிலிருந்து இரண்டு இடம் தள்ளினால் திங்கள். இந்தக் கணக்கில் 4.28 வரை சந்திர ஓரைதான் நடக்கிறது.

ஒரே நேரத்துக்கு இரு விடை வருவதைக் கண்டு ஒன்று தவறு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அளவுகோல் வேறு, அதனால் விடையும் வேறு. ஓரை என்பது வானத்தில் அந்த நேரத்தில் காணக்கூடிய ஒன்று அன்று என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். சனி ஓரையில் சனி அடிவானத்துக்குக் கீழே இருக்கலாம். இது நாளைப் பகுத்து எண்ணும் எண்ணிக்கை மட்டுமே.

இரவுக்கு வருவோம். நள்ளிரவு கடந்து 1 மணி. கைப்பேசியில் தேதி ஜூன் 22, சனிக்கிழமை என்று காட்டும். ஆனால் ஓரைக் கணக்கில் நாள் மாறுவது சூரிய உதயத்தில்தான். ஆகவே அப்போதும் வெள்ளிக்கிழமையே நடக்கிறது. 60 நிமிடக் கணக்கில் உதயத்திலிருந்து 19 மணி 17 நிமிடம் ஆகியிருக்கிறது. நடப்பது 20ஆவது ஓரை. 20இல் ஒன்றைக் கழித்து ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. வெள்ளியிலிருந்து ஐந்து இடம் தள்ளினால் செவ்வாய். பகல் இரவைத் தனித்தனியே பகுப்பவர் இரவின் நீளமான 666 நிமிடத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஓர் ஓரைக்கு 55½ நிமிடம் என்று கொண்டு, மாலை 6.37இலிருந்து எண்ணுவார். அப்போது இரவின் ஏழாவது ஓரை, அதாவது நாளின் 19ஆவது ஓரை, வியாழனிடம் நிற்கும். சனிக்கிழமை பிறந்துவிட்டது என்று நினைத்து நள்ளிரவில் சனி ஓரையைத் தொடங்கி எண்ணியவருக்கு 1 மணிக்கு வியாழன் ஓரை தொடங்குவதாக வரும். அது இரண்டாம் கணக்கின் விடையோடு ஒத்துப்போவது தற்செயல்தான், எண்ணிய முறை தவறு.

## எண்ணிக்கை பிழைத்ததா என்று அறிவது

எண்ணியது சரியா என்று பார்க்க இரண்டு இடங்களைச் சோதித்தால் போதும். நாளின் அதிபதி 1, 8, 15, 22 ஆகிய ஓரைகளில் வர வேண்டும். 25ஆவதாக எண்ணினால் மறுநாளின் அதிபதி வர வேண்டும். 25ஆவதில் வேறு கோள் வந்தால் இடையில் ஒன்று விடுபட்டிருக்கிறது அல்லது இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் இது சூரியன் மறையும் இடத்தில் நேர்கிறது. இரவு தொடங்கியதும் நாளின் அதிபதியிலிருந்து புதிதாக எண்ணிவிடுகிறார்கள். வட்டம் அங்கே அறுபடுவதில்லை. பன்னிரண்டாவது ஓரை எந்தக் கோளில் முடிந்ததோ அதற்கு அடுத்த கோளிலேயே இரவு தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை பகல் வியாழனில் முடிவதால் இரவின் முதல் ஓரை செவ்வாயினுடையது.

மற்றொரு பிழை அச்சிட்ட அட்டவணையால் வருவது. தினசரி நாட்காட்டிகளில் உள்ள ஓரை அட்டவணை காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்டு அமைந்தது. மேலே கண்ட ஜூன் 21 அன்று சென்னையில் உண்மை உதயம் அதற்கு 17 நிமிடம் முந்தியது. பிற்பகல் 3.50க்கு அட்டவணை திங்கள் ஓரையைக் காட்டும். உண்மை உதயத்திலிருந்து 60 நிமிடம் வீதம் எண்ணினால் அப்போது சனி ஓரை தொடங்கி ஏழு நிமிடம் ஆகியிருக்கும். அதே தாளில் பக்கத்தில் இருக்கும் இராகு காலத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பகலை எட்டாகப் பகுத்து அதில் ஒரு பகுதியை எடுப்பது. இராகு காலத்துக்கும் ஓரை வட்டத்துக்கும் கணக்கில் தொடர்பு இல்லை.

சென்னையில் 17 நிமிடமாக இருக்கும் இந்த வேறுபாடு வடக்கே செல்லச் செல்லப் பெருகும். இலண்டனில் வாழும் தமிழர் ஒருவர் ஊரிலிருந்து வந்த நாட்காட்டியின் ஓரை அட்டவணையைச் சுவரில் மாட்டியிருந்தால், ஜூன் 21ஆம் தேதி அங்கே சூரியன் ஏறக்குறைய காலை 4.43க்கு உதித்து இரவு 9.21க்கு மறைவதை அந்த அட்டவணை அறியாது. அங்கே முதல் ஓரை முடிந்த பிறகுதான் அட்டவணை தன் முதல் ஓரையைத் தொடங்கும். பகல் இரவைத் தனித்தனியே பகுத்தாலோ, பகல் ஓரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 83 நிமிடமாக நீண்டு, இரவு ஓரை 37 நிமிடத்துக்குச் சுருங்கும். துருவ வட்டத்துக்கு அப்பால், கோடையின் நடுவில் சூரியன் மறையாத நாள்களில், பகுப்பதற்கு இரவும் இல்லை, தொடங்குவதற்கு உதயமும் இல்லை. அங்கே கிழமையைக் கடிகாரத்தைக் கொண்டு மாற்றலாமே தவிர, உதயத்திலிருந்து எண்ணும் ஓரைக் கணக்கைத் தொடங்க இயலாது.